ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருசுரு, சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை

மாடி போர்ஷன், மதுரை | ஜனவரி 9, இரவு 9.20

ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கை பட்டால் சுருசுருவென்று இருக்கிறது. விரலை மெதுவாக இழுத்தால் தகடு சொரசொரப்பாக அதிர்வதுபோல் தெரிகிறது. செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு வீடு கழுவிவிட்டு ஈரத் தரையில் வெறுங்காலோடு தொட்டபோதுதான் சுள்ளென்று பிடித்தது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். மெக்கானிக் வந்து பார்த்து, கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, கரண்ட் லீக் இல்லை என்று சொல்லிவிட்டார். ஹவுஸ் ஓனர், உங்கள் ஃபிரிட்ஜில்தான் கோளாறு, வயரிங் புதுசு என்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான். ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்த பிறகும் அந்தச் சுருசுரு இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் உடனே போய்விடுகிறது. அணைத்த சாமானில் கரண்ட் எப்படி வரும்?

சுந்தர், ஆவடி | ஜனவரி 9, இரவு 10.05

கம்ப்ரஸர் வைண்டிங் பாடியில் தொட்டிருக்கும், வேறொன்றும் இல்லை. பழைய ஃபிரிட்ஜில் சகஜம். புதிது வாங்கும்வரை, பிளக் பாயின்ட்டைக் கழற்றி எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் நடுவில் ஒரு துண்டு வயர் லூப் அடித்துவிடுங்கள். ஷாக் அந்த நிமிஷமே நிற்கும். என் வீட்டில் எல்லா பாயின்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

கரூர் வயர்மேன் | ஜனவரி 10, காலை 5.50

லூப் அடிக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுந்தர் சார் சொன்னபடி செய்தால் ஷாக் நிற்பது உண்மைதான். ஆனால் அதன்பின் உங்கள் ஃபிரிட்ஜ் பாடி நியூட்ரல் வயரோடு கட்டப்பட்டிருக்கும். என்றைக்காவது அந்த நியூட்ரல் மெயின் போர்டிலோ கம்பத்திலோ விட்டுப்போனால், எரிந்துகொண்டிருக்கும் லைட், ஃபேன் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து நியூட்ரல் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். ஃபிரிட்ஜ் கதவும் அதே 230 வோல்ட்டில் நிற்கும். லைட் எரியவில்லை, கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு யாராவது ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். மழையில் சர்வீஸ் வயர் ஜாயின்ட் விட்டுப்போவது அபூர்வம் இல்லை.

இப்போது உங்கள் கேள்வி, அம்மா. சுவிட்சை அணைத்தும் இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கினால் போகிறது என்று எழுதினீர்களே, அதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும். மற்ற இரண்டும் பிளக்கோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வழி இரண்டுதான். வயரிங்கில் மாற்றிக் கொடுத்து சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம், அப்படியானால் ஃபேஸ் எப்போதும் ஃபிரிட்ஜுக்குள் நிற்கும். அல்லது கரண்ட் எர்த் வயர் வழியாகவே உள்ளே வரலாம்.

சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த தரையில் செருப்புடன் நின்று, டெஸ்டரை மூன்றிலும் வைத்துப் பாருங்கள். சுவிட்ச் போட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை.

மாடி போர்ஷன், மதுரை | ஜனவரி 10, மாலை 6.30

பார்த்துவிட்டேன் அண்ணே. வலது ஓட்டை சுவிட்ச் போட்டால் பளிச்சென்று எரிகிறது, அணைத்தால் இல்லை. இடதில் எப்போதும் இல்லை. மேலே எர்த் ஓட்டையில் சுவிட்ச் போட்டாலும் அணைத்தாலும் மங்கலாக எரிகிறது.

இந்தக் கட்டடத்தில் நான்கு போர்ஷன். கீழ் வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர்களுக்கு வாஷிங் மெஷினில் இதே சுருசுரு. துணி உலர்த்தும்போது வருகிறது என்று நினைத்து ரப்பர் மேட் போட்டிருக்கிறார்கள். எனக்குக் காலை 6 மணியிலிருந்து 7.30 வரைதான் அதிகமாக இருக்கிறது. மதியம் அநேகமாகத் தெரிவதே இல்லை.

ராகவ், டெல்லி | ஜனவரி 10, இரவு 7.15

இங்கே குளிர்காலத்தில் எல்லோருக்கும் இப்படித்தான். கார் கதவு, ஃபிரிட்ஜ், கம்பளி, எதைத் தொட்டாலும் சுள். காற்று காய்ந்திருப்பதால் வருவது. கைக்கு எண்ணெய் தடவுங்கள், ஹ்யூமிடிஃபையர் வையுங்கள்.

கரூர் வயர்மேன் | ஜனவரி 10, இரவு 8.40

ராகவ் தம்பி, நீங்கள் சொல்வது ஒரே ஒரு சுள், அதோடு முடிந்துவிடும். அடுத்த முறை அடிக்க மறுபடி காலைத் தேய்த்து நடக்க வேண்டும். இந்த அம்மா சொல்வது கை வைத்திருக்கும்வரை ஓயாமல் அதிர்வது, ஈரத்தில் கூடுவது. நீங்கள் சொல்வது ஈரத்தில் குறையும். இரண்டும் வேறு.

மதுரை அம்மா, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எர்த் ஓட்டையில் எரிவதால், கரண்ட் எர்த் வயர் வழியாகத்தான் வருகிறது, உங்கள் ஃபிரிட்ஜ் மேல் குற்றம் இருக்கிறதாகத் தெரியவில்லை. நான்கு போர்ஷன் எர்த் வயரும் ஒன்றாகச் சேர்ந்து மண்ணில் பைப் இறக்கிய ஒரு எர்த் குழிக்குப் போகும்படி இழுத்திருப்பார்கள். அந்தக் குழியோடு உள்ள இணைப்பு எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. இணைப்பு போனபின் அந்தப் பச்சை வயர் மண்ணுக்குப் போவதில்லை. நான்கு வீட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் எல்லாவற்றின் தகட்டையும் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஏதோ ஒன்று லீக் ஆனால் நான்கு வீட்டுத் தகட்டிலும் தெரியும். காலை 6 மணி என்றால் எனக்கு முதலில் தோன்றுவது கீசர். குளிக்கும் நேரம்.

இரண்டு கோளாறு ஒன்றாக இருந்தால்தான் இது நடக்கும். குழி நன்றாக இருந்தால் லீக் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போயிருக்கும். லீக் இல்லாவிட்டால் குழி செத்துக் கிடப்பது தெரியாமலே இருந்திருக்கும்.

அது சரியாகும்வரை ஃபிரிட்ஜை ஈரக்கையோடு தொட வேண்டாம். நாலு வீட்டிலும் கீசரைப் போட்டு அணைத்துவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள்.

பிரியா, வேளச்சேரி | ஜனவரி 11, காலை 10.10

எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் புது ஃபிரண்ட் லோட் மெஷின், இன்வெர்ட்டர் மோட்டார். வீட்டுக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்ததில் பாடிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 108 வோல்ட்! சர்வீஸ் ஆள் வந்து, எல்லா மெஷினும் இப்படித்தான் மேடம், இது நார்மல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 108 வோல்ட் எப்படி நார்மல் ஆகும்? மெஷினை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

கரூர் வயர்மேன் | ஜனவரி 11, மதியம் 1.30

அந்த ஆள் பாதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எலெக்ட்ரானிக் போர்டு உள்ள மெஷினில், கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும். மோட்டார் போர்டு கிளப்பும் இரைச்சல் வெளி லைனுக்குப் போகாமல் தடுப்பதற்கு. அதில் ஃபேஸிலிருந்து தகட்டுக்கு ஒரு சின்னக் கப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு அதேபோல் ஒன்று. எர்த் இருந்தால் அவை வழியாக வரும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகடு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் சரிபாதியில் தொங்கும். 230ல் பாதி 115, உங்களுக்கு 108 வந்திருக்கிறது. மெஷினை மாற்றினாலும் இதே வரும். ஆனால் அந்தக் கரண்ட் பொதுவாக அரை மில்லி ஆம்பியரைச் சுற்றியே இருக்கும். தோலில் தெரியும், ஆளைப் பிடித்து வைக்காது.

நார்மல் இல்லாதது உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லாமல் இருப்பது. அந்த மெஷினுக்குள் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரும் இருக்கிறது. அது ஒரு நாள் பழுதானால் அரை மில்லி ஆம்பியரோடு நிற்காது. இப்போது தெரியும் சுருசுரு, எர்த் இல்லை என்று மெஷின் உங்களுக்குச் சொல்வது. மெஷினை விடுங்கள், சாக்கெட்டைச் சரிசெய்யுங்கள்.

நல்லூரான், யாழ்ப்பாணம் | ஜனவரி 11, இரவு 9.00

எங்கள் பக்கம் வீட்டு வாசலிலேயே ட்ரிப் சுவிட்ச் பூட்டியிருக்கும். 30 மில்லி ஆம்பியர். இப்படி ஒழுக்கு இருந்தால் அது உடனே விழுந்திருக்குமே, ஏன் அங்கே ஒருவரும் பூட்டுவதில்லை?

மாடி போர்ஷன், மதுரை | ஜனவரி 18, இரவு 8.45

பொங்கல் முடிந்து இன்றைக்குத்தான் எலெக்ட்ரீஷியன் கிடைத்தார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

என் ஃபிரிட்ஜ் சாக்கெட்டில் மீட்டர் வைத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 148. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 84. எர்த் நன்றாக இருந்தால் கடைசி எண் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட 230 வர வேண்டும் என்றார்.

அப்புறம் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். எரியவே இல்லை. எர்த் செத்துவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்டினார்.

பிறகு மீட்டரை அங்கேயே வைத்துவிட்டு ஒவ்வொரு வீட்டு மெயினாக அணைக்கச் சொன்னார். நான்கு வீட்டிலும் கீசரைப் போட்டு வைத்திருந்தோம். என் மெயினை அணைத்தால் மாற்றம் அதிகம் இல்லை. கீழ் இரண்டு வீட்டிலும் அப்படியே. எதிர் போர்ஷன் மெயினை அணைத்ததும் 84 என்று இருந்தது 20க்குக் கீழே இறங்கியது. அந்த வீட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்ததில் கீசர்தான். கம்பெனி சர்வீஸ் ஆள் மாலையில் வந்து லீக் அளக்கும் மெக்கர் வைத்தார், 0.02 மெகாஓம் என்று காட்டியது. ஹீட்டர் காயில் உறையில் வெடிப்பு. எதிர் வீட்டில் யாருக்கும் ஷாக் தெரியவில்லை, பாத்ரூமில் பிளாஸ்டிக் குழாய்.

குழியைத் தேடினோம். பின்புறம் வண்டி நிறுத்த சிமென்ட் போட்டபோது அதன் மேலேயே பூசிவிட்டிருக்கிறார்கள். உடைத்துப் பார்த்தால், ஜிஐ பைப்பில் கிளாம்ப் போட்ட இடத்தில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. புதுக் கிளாம்ப் போட்டு இணைத்தார். இப்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.5 வோல்ட். பல்பு நன்றாக எரிகிறது. ஃபிரிட்ஜில் சுருசுரு துளிகூட இல்லை.

ஒரு கேள்வி மிச்சம். எதிர் வீட்டு மெயினை அணைத்த பிறகும், இணைப்புக் கொடுக்கும் முன், எர்த்தில் 20க்குக் கிட்டே இருந்ததே, அது எங்கிருந்து?

சுந்தர், ஆவடி | ஜனவரி 18, இரவு 9.30

84 வோல்ட்தானே. மேலே ஒருவருக்கு 108 இருந்தும் ஆபத்தில்லை என்றீர்கள். இதற்குப் போய் சிமென்டை உடைக்க வேண்டுமா?

கரூர் வயர்மேன் | ஜனவரி 19, காலை 6.10

சுந்தர் சார், நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நிறையப் பேர் மீட்டரில் வரும் வோல்ட்டைப் பார்த்துத்தான் ஆபத்தை அளக்கிறார்கள். அந்த வோல்ட்டுக்குப் பின்னால் எவ்வளவு கரண்ட் வர முடியும் என்பதைப் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி மெஷினில் 108 வோல்ட், ஆனால் சின்னக் கப்பாசிட்டர் அரை மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. மதுரையில் 84 வோல்ட்தான். ஆனால் கீசரில் 0.02 மெகாஓம் என்றால் 20,000 ஓம். 230ஐ 20,000ஆல் வகுத்துப் பாருங்கள், 11 மில்லி ஆம்பியருக்கு மேல் வரும். மீட்டரில் 84 என்று குறைந்து காட்டியதே, ஈரத் தரை, சுவர் வழியாகக் கொஞ்சம் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்ததால்தான். காய்ந்த தரையில் உடம்பு அந்த 11ல் ஒரு துளியைத்தான் விட்டது, அதனால் சுருசுரு. குளித்த ஈர உடம்போடு ஒரு கையில் தகட்டையும் இன்னொரு கையில் இரும்புக் குழாயையும் பிடித்திருந்தால் 10 மில்லி ஆம்பியர் போயிருக்கும். அந்த அளவில் கை இறுகிக்கொண்டு விடுவிக்க முடியாமல் போகும். ஆகவே 84தான் கொடியது, 108 அல்ல.

மெக்கர் இதைப் பிரித்துக் காட்டும். அது டிசி போட்டுப் பார்ப்பதால் ஃபில்டர் கப்பாசிட்டர் அதற்குத் தெரியாது. பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முள் இரண்டையும் சேர்த்து ஒரு முனை, எர்த் முள் இன்னொரு முனை, 500 வோல்ட்டில் பார்த்தால் நல்ல மெஷின் பல மெகாஓம் காட்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் நான் திறந்து பார்ப்பேன்.

மதுரை அம்மா கேட்ட மிச்ச 20 வோல்ட், கீழ் வீட்டு வாஷிங் மெஷின் ஃபில்டர், டிவி, இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்ததாக இருக்கலாம். கீசர் மாதிரி இன்னொன்று இருந்தால் அவ்வளவு குறைந்திருக்காது. ஆனாலும் எதிர் வீட்டு மெயினைப் போட்டுவிட்டு, கீசர் மட்டும் கழற்றிய நிலையில் ஒரு முறை பார்த்திருந்தால் நிச்சயமாகச் சொல்லலாம்.

உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் ஒன்று சொல்லுங்கள். எர்த் அறுந்திருக்கும் கட்டடத்தில் ஃபேஸிலிருந்து பல்பு வழியாக எர்த் வயருக்குக் கொடுத்தால், அந்த நிமிஷம் நான்கு வீட்டுத் தகட்டிலும் 230 வோல்ட் ஏறும். பல்பு எரியாததால் எதுவும் போகவில்லை என்று நினைப்போம். அதே நேரம் கீழ் வீட்டில் யாராவது வாஷிங் மெஷின் மேல் கை வைத்திருந்தால்? நாலு வீட்டுப் பிளக்கையும் பிடுங்கச் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சோதனை. மீட்டரில் 84 வந்த பிறகு அது தேவையே இல்லை.

கரூர் வயர்மேன் | ஜனவரி 19, இரவு 8.00

காலையில் விட்டுப்போனது. பல்பு நன்றாக எரிந்தது என்பதால் குழி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 100 வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. குழி 20 ஓம் இருந்தாலும் அதில் 9 வோல்ட்தான் விழும், பல்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே 20 ஓம் குழியில் நாளைக்கு ஃபேஸ் நேராகத் தகட்டில் தொட்டால் 11 ஆம்பியர் சொச்சம்தான் போகும். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழவே விழாது. தகடு 230 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். குழியின் ஓம் அளக்கத் தனி மீட்டர் இருக்கிறது, அதை வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள்.

எனவே நல்லூரான் கேட்ட ட்ரிப் சுவிட்ச், இங்கே ஆர்சிசிபி என்போம், கட்டாயம் வேண்டும். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது விழும். குழி சுமாராக இருந்தாலும் அதற்கு 30 மில்லி ஆம்பியர் போதும். ஆனால் இந்தக் கீசருக்கு அது விழுந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். 11 மில்லி ஆம்பியர் அதன் அளவுக்குக் கீழே. வெடிப்பு பெரிதாகிய பிறகுதான் விழும்.

நல்லூரான், யாழ்ப்பாணம் | ஜனவரி 19, இரவு 9.25

அப்படியென்றால் 11 போகிறபோது மனிதரைக் காப்பது எர்த் தான், ட்ரிப் சுவிட்ச் அல்ல. இதை நான் யோசித்ததில்லை. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று எர்த் கம்பியை எங்கள் வீட்டில் பார்த்தே பல வருடம்.

சுந்தர், ஆவடி | ஜனவரி 19, இரவு 10.40

நியூட்ரல் லூப் பற்றி இன்னும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வெளிநாட்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகக் கட்டியே வீட்டுக்குக் கொடுக்கிறார்களே?

கரூர் வயர்மேன் | ஜனவரி 20, காலை 6.00

கொடுக்கிறார்கள் சார். ஆனால் கட்டுவது சப்ளை வீட்டுக்குள் நுழையும் இடத்திலோ அதற்கு முன்போ. அதற்கென்று வழியில் பல இடத்தில் மண்ணில் இறக்கி இருப்பார்கள். அதன்பின் வீட்டுக்குள் எர்த் வயர் தனி, நியூட்ரல் தனி. சாக்கெட்டில் யாரும் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கும், லூப் இருக்கும் வயரிங்கில் ஆர்சிசிபி போட்டால், எர்த் வயர் மண்ணோடும் இணைந்திருந்தால், அது நிற்கவே நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஆர்சிசிபி பழுது என்று அதைக் கழற்றிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து பல வீட்டில் அதுதான் நடந்தது.

பிரியா, வேளச்சேரி | ஜனவரி 22, மாலை 5.15

எங்கள் சாக்கெட்டைத் திறந்து பார்த்தோம். எர்த் முனையில் வயரே இல்லை. பால்கனிக்கு அந்த பாயின்ட்டைப் பிறகு இழுத்தவர் இரண்டு வயரோடு நிறுத்திவிட்டார். சமையலறையிலிருந்து பச்சை வயர் இழுத்ததும் 108 போய் 1 வோல்ட்டுக்கும் கீழே வந்தது. மெஷினை மாற்றவில்லை.

மாடி போர்ஷன், மதுரை | ஜனவரி 26, இரவு 7.50

ஓனரிடம் குழி அளக்கவும் ஆர்சிசிபி போடவும் பேசினேன். எதிர் வீட்டுக் கீசரை மாற்றியாகிவிட்டது, ஷாக் நின்றுவிட்டது, இனி எதற்கு என்கிறார். கடைசியில், நான்கு வீட்டுக்கும் பொதுவாக மீட்டர் பெட்டியில் ஒன்று மட்டும் போடுவதாகச் சொன்னார். என் போர்ஷனுக்கு மட்டும் நானே செலவு செய்து போட்டுக்கொள்ளலாமா, அல்லது பொதுவாக ஒன்று போதுமா அண்ணே? கீழ் அக்காவும் இதையேதான் கேட்கிறார்.

கரூர் வயர்மேன் | ஜனவரி 27, காலை 5.45

ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் தனி என்றால் பொதுவாக ஒன்றைப் போட வழியே இல்லை, போட்டால் நான்கு வீட்டு நியூட்ரலையும் கலந்துவிடுவார்கள். மீட்டர் ஒன்றுதான் என்றாலும் வேண்டாம். நான்கு வீட்டு ஃபில்டர் லீக்கும் சேர்ந்து, 15 மில்லி ஆம்பியரைத் தாண்டியதும் காரணமில்லாமல் விழ ஆரம்பிக்கும். 30 என்று எழுதியிருந்தாலும் 15க்கும் 30க்கும் நடுவில் எங்கேயும் விழலாம். ஒரு வீட்டுக் கோளாறுக்கு நாலு வீடும் இருட்டில் கிடக்கும். உங்கள் போர்ஷனுக்கு 30 மில்லி ஆம்பியரில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதிர் வீட்டில் இன்னொரு கீசர் லீக் ஆகி, குழி மறுபடி விட்டுப்போனால், உங்கள் ஆர்சிசிபிக்கு அது தெரியாது. அந்தக் கரண்ட் எர்த் வயர் வழியாகத்தான் உங்கள் ஃபிரிட்ஜுக்கு வரும், உங்கள் ஃபேஸ் வழியாக அல்ல. அதற்காகத்தான் நாலு வீட்டிலும் தனித்தனியாகப் போடச் சொல்கிறேன். ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குழி மேல் மறுபடி சிமென்ட் பூச மட்டும் விடாதீர்கள், செங்கல் கட்டி மூடி போடச் சொல்லுங்கள். கோடையில் தண்ணீர் ஊற்றவும் கிளாம்பைப் பார்க்கவும் வழி வேண்டும்.